ஸ்கிரிப்ட் தாளில் ஏன் இத்தனை பென்சில் கோடுகள்? ரீடேக், வைல்ட் லைன், ரூம் டோன் என்றால் என்ன?

வானொலியிலோ பாட்காஸ்ட்டிலோ ஒரு நாடகம் கேட்கிறீர்கள். அம்மாவும் மகனும் சமையலறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நாலு விநாடி மௌனம். பிறகு அம்மா ஒரு வரி சொல்கிறார். உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த நாலு விநாடியில் ஒன்றுமே கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். உண்மையில் அங்கே ஒரு சத்தம் இருக்கிறது. அந்த அறையின் சத்தம். அதை யாரோ தனியாகப் பதிவு செய்திருப்பார்கள். அம்மா சொன்ன வரியின் பாதி ஒரு பதிவிலிருந்தும் மீதி வேறொரு பதிவிலிருந்தும் வந்திருக்கலாம்.

எதை எங்கிருந்து எடுப்பது என்று ஒலித்தொகுப்பாளருக்கு எப்படித் தெரியும்? பதிவு நாளன்று ஒருவர் ஸ்கிரிப்ட் தாளில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். பார்ப்பதற்குக் கிறுக்கல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை உண்டு.

நண்பர்கள் சிலர் ஈசூனில் ஒரு நாலறை வீட்டில் பதிவு செய்த குரல் நாடகத்தில் அந்தப் பென்சில் என் கையில் இருந்தது. அன்று ஒரு காட்சி எப்படிப் போனது என்பதை வைத்தே இதை விளக்குகிறேன்.

தாளில் முதலில் என்ன இருக்கவேண்டும்?

குரல் நாடகத்துக்கான ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பேச்சுகளுக்கு எண் போடுவார்கள். அடுத்த பக்கத்தில் மறுபடியும் 1இலிருந்து தொடங்கும். "பக்கம் 11, வரி 6" என்று சொன்னால் அறையில் இருக்கும் அத்தனை பேர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். "அந்த வீட்டைப் பத்திப் பேசுவாங்களே, அங்கிருந்து" என்று சொன்னால் ஆளுக்கொரு இடத்தில் தேடுவார்கள்.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடவேண்டும். ஸ்டேப்ளர் அடிக்கக்கூடாது. தாளைப் புரட்டினால் மைக்கில் விழும், மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தால் விழாது. வலது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும். கோடுகள் எல்லாம் அங்கேதான்.

காட்சியின் தலைப்புக்குக் கீழே நான் ஒரு சின்னப் பெட்டி வரைந்துகொள்வேன். அதற்குள் அறையின் நிலையை எழுதுவேன். அன்று காட்சி 4க்கு எழுதியது இது: ஃபிரிட்ஜ் ஆஃப். விசிறி ஆஃப். ஜன்னல் மூடியிருக்கு. மைக் மேசை விளிம்பில, அம்மாவுக்கு ஒரு சாண் தூரம்.

இது ஏதோ அலுவலகப் படிவம் நிரப்புவது மாதிரித் தோன்றலாம். அன்று பதிவைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான். அதற்கு வருகிறேன்.

ஒரு டேக் நடக்கும்போது என்ன குறிப்பார்கள்?

காட்சியின் அந்தப் பகுதி இப்படி இருந்தது.

3 கதிர்: மேசையில என்னம்மா கடிதம்?

4 அம்மா: ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வந்து சாப்பிடு.

5 கதிர்: ஒண்ணுமில்லன்னா ஏன் மறைக்கிறீங்க?

6 அம்மா: (மௌனம்) வீட்ட வித்துட்டேன்பா. அடுத்த மாசம் சாவி கொடுக்கணும்.

7 கதிர்: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

நாடகம் முழுக்க வரி 6இல்தான் நிற்கிறது. அந்த வரி சரியாக வராவிட்டால் அதற்குப் பிறகு வரும் முப்பது நிமிடத்துக்கும் அர்த்தமில்லை.

டேக் தொடங்கும்போது, ஓரத்தில் அந்த வரிக்கு நேரே டேக் எண்ணை எழுதி, அங்கிருந்து கீழே ஒரு நேர்க்கோடு இழுக்கவேண்டும். நடிகர்கள் பேசப் பேசக் கோடும் இறங்கும். டேக் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறுக்குக்கோடு. நாலு டேக் எடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் நாலு கோடுகள். தாளைப் பார்த்தவுடனே எந்த வரி எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வரிக்கு நேரே கோடே இல்லை என்றால் அந்த வரி இன்னும் பதிவாகவில்லை. வீட்டுக்குப் போகும் முன்னால் இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நல்லது என்று ஒருமுறை கோட்டைவிட்டவர்களுக்குத் தெரியும்.

ஏதாவது சத்தம் குறுக்கே வந்தால் அந்த இடத்தில் கோட்டை நெளித்து வரையவேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ரயில், குயில், தாள், நாற்காலி. நடிகர் வரியை மாற்றிச் சொன்னால் மாறிய சொல்லுக்கு மேலேயே அவர் சொன்னதை எழுதவேண்டும். இயக்குநருக்குப் பிடித்த டேக்கின் எண்ணைச் சுற்றி வட்டம்.

டேக் 1, வரி 1இலேயே தடுக்கி நின்றது. டேக் 2 நன்றாகப் போனது. மௌனம் நாலு விநாடி. "வீட்ட வித்துட்டேன்பா" என்று அம்மாவாக நடித்தவர் சொன்னபோது ஒலிப்பதிவாளர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். அடுத்த வாக்கியத்தில் ரயில் வந்தது.

ஈசூனில் எம்ஆர்டி தரைக்கு மேலே, தூண்களின்மேல் ஓடுகிறது. ஜன்னலை மூடினாலும் ரயிலின் உறுமல் உள்ளே வரும். "அடுத்த மாசம் சாவி கொடுக்கணும்" என்ற நாலு சொல்லும் அதற்குள் மாட்டிக்கொண்டன. நான் கோட்டை நெளித்து, "ரயில்" என்று எழுதினேன். டேக்கை நிறுத்தவில்லை. வரி 7இலிருந்து பக்கம் முடியும்வரை நன்றாக வந்தது.

எந்தச் சத்தத்துக்கு ரீடேக், எதற்கு வேண்டாம்?

புதிதாகப் பதிவு செய்பவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்துவார்கள். குயில் கூவினால் நிறுத்து, பக்கத்து வீட்டில் கதவு சாத்தினால் நிறுத்து. பத்தாவது ரீடேக்கில் நடிகருக்கு அலுத்துவிடும். நம் ஊரில் புளோக்குக்குப் புளோக் மரம், மரத்துக்கு மரம் குயில். அதெல்லாம் ஓயட்டும் என்று காத்திருந்தால் நாடகம் முடியாது.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். சத்தம் சொல்லின்மேல் விழுந்ததா, சொற்களுக்கு நடுவில் விழுந்ததா?

நடுவில் விழுந்திருந்தால் கவலை இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே அறையின் அமைதியை அங்கே வைத்து மூடிவிடலாம். அதற்குத்தான் ரூம் டோன். ஓரத்தில் "குயில், இடைவெளி" என்று எழுதினால் போதும். டேக் தொடரலாம்.

சொல்லின்மேல் விழுந்தால் கதை வேறு. சத்தம் நீக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. விசிறி, குளிரூட்டி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை அவை ஓரளவு நன்றாகவே குறைக்கும். ரயில் அப்படியில்லை. தூரத்தில் தொடங்கி, ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். விநாடிக்கு விநாடி அதன் தன்மை மாறுகிறது. குயிலின் கூவலோ மனிதக் குரல் இருக்கும் அதே வீச்சில் வருகிறது. இவற்றைக் குரலிலிருந்து உரிக்கப் பார்த்தால் குரலும் சேர்ந்து உரிந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடக்கூடும். அங்கே மீண்டும் பதிவு செய்வதுதான் நம்பகமான வழி.

மீண்டும் பதிவு செய்வதிலும் இரண்டு வகை உண்டு. காட்சியின் ஒரு பகுதியை நடிகர்கள் எல்லாரும் சேர்ந்து திரும்ப நடித்தால் அது ரீடேக். நடுவிலிருந்து தொடங்கினால் பிக்கப் என்பார்கள். ஒரே ஒரு வரியை மட்டும் ஒருவர் தனியாகச் சொன்னால் அது வைல்ட் லைன்.

பிக்கப் எடுக்கும்போது பிழை நேர்ந்த வரியிலேயே தொடங்கக்கூடாது. இரண்டு வரி பின்னால் போகவேண்டும். யாராவது மூச்சு விடும் இடமாகவோ புதுப் பேச்சு தொடங்கும் இடமாகவோ இருந்தால் நல்லது. நடிகருக்கு ஓட்டம் வேண்டும், தொகுப்பாளருக்கு வெட்டி ஒட்ட இடம் வேண்டும். தாளில் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டு டேக் எண்ணை எழுதிவிடுவேன்.

அன்று டேக் 3ஐ வரி 4இலிருந்து பிக்கப்பாக எடுத்தோம். ரயில் இல்லை, குயில் இல்லை, எல்லாம் சுத்தம். ஆனால் அம்மா வரி 6ஐச் சொன்ன விதத்தில் டேக் 2இல் இருந்தது இல்லை. ஒரு அறிவிப்பு மாதிரி இருந்தது. நடித்தவருக்கே தெரிந்தது. "அது ஒரு தடவதான் வரும்," என்றார் சிரித்துக்கொண்டே.

டேக் 4 எடுக்கலாமா என்று இயக்குநர் யோசித்தார். நான் தாளைக் காட்டினேன். டேக் 2இல் கோடு நெளிந்திருப்பது நாலு சொல்லுக்கு மட்டும்தான். உயிரான பகுதி, அதாவது மௌனமும் "வீட்ட வித்துட்டேன்பா"வும், நேர்க்கோட்டில் இருக்கிறது. அந்த நாலு சொல்லை மட்டும் தனியாக எடுத்தால் போதும். டேக் 2க்கு வட்டம் போட்டோம். நெளிந்த இடத்தைச் சுற்றிச் சதுரம் வரைந்து, பக்கத்தில் "வைல்ட்" என்று எழுதினேன்.

வைல்ட் லைன் எடுப்பது எப்படி?

சினிமாவில் கேமரா ஓடாமல் குரலை மட்டும் பதிவு செய்வதை வைல்ட் என்பார்கள். காட்சியின் ஓட்டத்தோடு கட்டப்படாத வரி என்று பொருள். குரல் நாடகத்தில் கேமராவே கிடையாது, இருந்தாலும் காட்சிக்கு வெளியே தனியாக எடுக்கும் வரிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பிறகு ஸ்டூடியோவில் டப்பிங் பேசுவதால் இந்தச் சொல் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. டப்பிங் என்பது வேறொரு நாள், வேறொரு அறை. வைல்ட் லைன் என்பது அதே நாள், அதே அறை, அதே மைக், அதே தூரம். சமையலறையில் பேசும் குரல் ஓடு பதித்த சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்த எதிரொலி ஒவ்வொரு சொல்லின் வாலிலும் இருக்கும். மெத்தை போட்ட ஸ்டூடியோவில் அதே வரியைச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அம்மா வேறு வீட்டுக்குப் போய்விட்டு வந்ததுபோல் இருக்கும்.

நேரமும் முக்கியம். குரல் நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் கனத்திருக்கும், நாலு மணிநேரம் பேசிய பிறகு தேய்ந்திருக்கும். அதனால் அந்தக் காட்சி முடிந்த கையோடு, நடிகர் நாற்காலியைவிட்டு எழும் முன்னால் எடுத்துவிடவேண்டும். "கடைசியில எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் நடிகருக்கு ஹெட்ஃபோனைக் கொடுத்து டேக் 2இல் அந்த இடத்தை ஒருமுறை கேட்க வைக்கவேண்டும். எந்த வேகத்தில், எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது அவருக்கே மறந்திருக்கும். பிறகு தேவையான நாலு சொல்லை மட்டும் சொல்லச் சொல்லக்கூடாது. "வீட்ட வித்துட்டேன்பா"விலிருந்தே தொடங்கவேண்டும். முன்பகுதி தேவையில்லைதான், ஆனால் அது இருந்தால்தான் பின்பகுதி சரியான சுருதியில் விழும். ஒரே ஓட்டத்தில் மூன்று முறை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லுக்குப் பிறகு இரண்டு மூன்று விநாடி யாரும் அசையக்கூடாது. "சூப்பர்!" என்று உடனே சொல்லிவிடும் இயக்குநர்கள் உண்டு. சொல்லின் வாலில் அவர் குரல் ஏறிவிடும்.

அம்மாவாக நடித்தவர் மூன்று முறை சொன்னார். மூன்றுமே நன்றாக இருந்தன. ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். "ஏதோ இருக்கு," என்றார். என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அறையில் இருந்த எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் தாளின் தலைப்பில் வரைந்த பெட்டியைப் பார்த்தேன். முதல் வரி: ஃபிரிட்ஜ் ஆஃப். திரும்பிப் பார்த்தால் ஃபிரிட்ஜில் விளக்கு எரிகிறது. டேக் 3 முடிந்ததும் வீட்டுக்காரர், காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்து, உள்ளே இருக்கும் மீன் கெட்டுவிடப்போகிறதே என்று போட்டுவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை. நாங்கள்தான் அவரிடம் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜின் மோட்டார் ஒரு மெல்லிய முனகல். அறையில் உட்கார்ந்திருக்கும் காது அதைச் சீக்கிரமே கேட்காமல் விட்டுவிடும். மைக் விடாது. டேக் 2இல் அந்த முனகல் இல்லை. "வீட்ட வித்துட்டேன்பா" முடிந்து "அடுத்த மாசம்" தொடங்கும் இடத்தில் திடீரென்று முனகல் எழுந்து, மகன் பேசத் தொடங்கியதும் சட்டென்று நின்றுபோகும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அங்கே ஏதோ ஒட்டுப்போட்டிருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். அதுவும் நாடகத்தின் மிக முக்கியமான வரியில்.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மறுபடியும் மூன்று முறை எடுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவாக நடித்தவர் மறுநாள் ஊருக்குப் போகிறவர், திரும்பி வர ஒரு மாதம். அன்று கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு மாதம் காத்திருந்திருப்போம். முதல் மூன்றுக்கு நேரே "ஃபிரிட்ஜ், வேண்டாம்" என்று எழுதினேன். அடுத்த மூன்றில் இரண்டாவதுக்கு வட்டம்.

ரூம் டோன் எதற்கு? அமைதிதானே, அதை ஏன் பதிவு செய்யவேண்டும்?

பலரும் கேட்கும் கேள்வி இது. கணினியில் ஒரு துண்டை வெட்டிவிட்டு வெறுமையாக விட்டுப் பாருங்கள். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்ததுபோல் இருக்கும். "ஹலோ? இருக்கீங்களா?" என்று கேட்கத் தோன்றும். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. தூரத்துச் சாலை, மேல்மாடித் தண்ணீர்க்குழாய், மைக்கின் சொந்த இரைச்சல், எல்லாம் சேர்ந்த ஒன்றுதான் அறையின் அமைதி. காது அதைக் கவனிப்பதில்லை. அது மாறும்போதும் மறையும்போதும்தான் கவனிக்கும்.

அதனால் ஒவ்வொரு காட்சியின் கடைசிப் பக்கத்திலும், கடைசி வரிக்குக் கீழே, ஒலிப்பதிவாளருக்கு ஒரு நினைவூட்டல் இருக்கவேண்டும். நான் ஒரு சின்னக் கட்டம் வரைந்து "ரூம் டோன் 60 வி." என்று எழுதுவேன். அதில் டிக் விழும்வரை மைக்கை யாரும் தொடக்கூடாது. பதிவுக் கருவியின் ஒலியளவையும் மாற்றக்கூடாது.

எடுப்பது மிக எளிது. எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். "நாங்க வெளியில போயிடவா?" என்று கேட்பார்கள். வேண்டாம். நாலு மனித உடம்பு ஒரு சின்ன அறையின் எதிரொலியைக் கொஞ்சம் குடிக்கும், அவர்கள் போனால் அறையே மாறிவிடும். ஒலிப்பதிவாளர் மைக்கில் சொல்வார்: "காட்சி 4, ரூம் டோன், ஃபிரிட்ஜ் ஆஃப், ஜன்னல் மூடியிருக்கு." சொல்லி முடித்து ஐந்து விநாடி அடங்கவிட்டு, அதற்குப் பிறகு 60 விநாடி.

ஏன் 60? 30 விநாடி போதும் என்று சொல்பவர்களும் உண்டு. நம் வீடுகளில் 30 விநாடி முழுக்கச் சுத்தமாகக் கிடைப்பது அரிது. பத்தாவது விநாடியில் யாரோ எச்சில் விழுங்குவார், இருபதாவதில் கீழே ஒரு மோட்டார்சைக்கிள் போகும். மிஞ்சுவது ஏழெட்டு விநாடி. அதையே திரும்பத் திரும்ப ஒட்டினால், அதற்குள் இருக்கும் ஒரு சின்னக் "கிளிக்" சத்தம் தாளம்போட ஆரம்பித்துவிடும். கேட்பவர் வசனத்தை விட்டுவிட்டு அதையே கேட்பார். நடுவில் குயில் கூவினால் பதிவை நிறுத்தவேண்டாம், அது முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஓடவிட்டால் போதும். தாளில் "குயில் 35" என்று விநாடியைக் குறித்துவிடலாம்.

அறையின் நிலை மாறினால் இன்னொரு ரூம் டோன் வேண்டும். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து மீதிக் காட்சியை எடுத்தால் திறந்த ஜன்னலோடு ஒன்று. மைக்கை இடம் மாற்றினால் அங்கிருந்து ஒன்று. மழை பிடித்துக்கொண்டால் மழையோடு ஒன்று. நல்ல மழை வந்தால் நிறுத்திவிடுவது மேல், ஆனால் நேரமில்லாமல் மழையிலேயே எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு சின்னத் தந்திரம். "முடிஞ்சுது" என்ற சொல்லை ரூம் டோன் எடுக்கும்வரை யார் வாயிலிருந்தும் வரவிடாதீர்கள். அது வந்த அடுத்த நொடி எல்லார் கையிலும் கைத்தொலைபேசி, நாற்காலிகள் நகரும், தேநீர் போடத் தண்ணீர் கொதிக்கும். அதற்குப் பிறகு அவர்களை மறுபடியும் ஒரு நிமிடம் சும்மா உட்கார வைப்பது சிறு பிள்ளைகளைத் தூங்க வைப்பதுபோல.

எடுக்க மறந்தால் என்ன ஆகும்? எனக்கே நடந்திருக்கிறது, வேறொரு நாடகத்தில். தாளில் நினைவூட்டல் எழுதவில்லை, பசி நேரம், எல்லாரும் கலைந்துவிட்டோம். தொகுப்பாளர் வரிகளுக்கு நடுவில் இருந்த அரை விநாடி, முக்கால் விநாடித் துண்டுகளைப் பொறுக்கி, மூச்சுச் சத்தம் இல்லாதவற்றைப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செயற்கை அமைதியைச் செய்தார். நாலு நிமிடக் காட்சிக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த நாடகத்தின் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு காட்சிக்கும் கீழே அந்தக் கட்டத்தை அவரே அச்சடித்து அனுப்பியிருந்தார்.

தொகுப்பாளர் இந்தத் தாளை வைத்து என்ன செய்வார்?

அன்று இரவே எல்லாத் தாள்களையும் படம் எடுத்து, ஒலிக்கோப்புகளோடு சேர்த்து அனுப்பினேன். கோப்புகளின் பெயரும் தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவேண்டும். காட்சி 4, டேக் 2 என்றால் S04_T02.WAV. வைல்ட் லைன் S04_WL2.WAV. இரண்டாவது முறை எடுத்தது என்பதால் 2. ரூம் டோன் S04_RT.WAV.

தொகுப்பாளர் டேக் 2ஐ முழுதாக வைத்தார். "வித்துட்டேன்பா" முடிந்து அம்மா மூச்சு இழுக்கும் இடத்தில் வெட்டினார். சொல்லின் நடுவிலோ மூச்சின் நடுவிலோ வெட்டினால் தெரிந்துவிடும், மூச்சு தொடங்கும் முன்னால் வெட்டினால் தெரியாது. அங்கே வைல்ட் லைனின் இரண்டாவது முறையிலிருந்து "அடுத்த மாசம் சாவி கொடுக்கணும்" வந்து உட்கார்ந்தது. ரயிலின் உறுமல் மெதுவாக ஏறத் தொடங்கியது மௌனத்தின் கடைசி ஒரு விநாடியில். அதை நான் குறிக்கவில்லை, அவர்தான் ஹெட்ஃபோனில் கண்டுபிடித்தார். அந்த ஒரு விநாடியை ரூம் டோனால் மாற்றினார். "வீட்ட வித்துட்டேன்பா"வின் அடியிலும் ரயில் லேசாக இருந்தது. ஆனால் அது தாழ்ந்த உறுமல், குரலுக்குக் கீழே கிடந்தது. அங்கே அடித்தளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஒட்டிய இடங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ரூம் டோனை ஓடவிட்டார். ரயில் முழுதாகப் போய்விட்டதா என்றால், நல்ல ஹெட்ஃபோனில் தேடிக் கேட்டால் ஒரு நிழல் மாதிரி இருக்கிறது. தேடாதவர்களுக்குக் கேட்கவில்லை.

நீங்களும் வீட்டில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஃபிரிட்ஜை அணைத்தால் மறுபடியும் போட மறந்துவிடுவோம். ஒலிப்பதிவாளர்கள் தங்கள் வீட்டுச் சாவியையோ கார் சாவியையோ ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, சாவியை எடுக்கக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லையே என்று தெரியும். காட்சி 4இன் கடைசிப் பக்கத்தில் ரூம் டோன் கட்டத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது அதுதான்: "சாவி உள்ள இருக்கு. மீன் இருக்கு. போட்டுட்டுப் போ."